கற்றல் வளைவுக் கணக்கில் அடுத்த பேட்ச்சின் நேரம்: பெருக்கக் கூடாது, கழிக்க வேண்டும்

கேள்வி: முதல் பேட்ச்சில் 20 கன்ட்ரோல் பேனல் செய்ய மொத்தம் 1,200 மணி நேரம். கற்றல் வளைவு 85%. அடுத்து இன்னும் 100 பேனலுக்கு ஆர்டர். மூலப்பொருள் பேனலுக்கு 9,000. கூலி மணிக்கு 300. மாறும் மேற்செலவு மணிக்கு 100. நிலையான மேற்செலவு மணிக்கு 150. இந்த 100 பேனலுக்கு ஒன்றுக்குச் சராசரி எத்தனை மணி, எவ்வளவு செலவு? நான் 6 பேட்ச்சுக்கான சராசரியை 788 என்று கண்டுபிடித்து 5-ஆல் பெருக்கினேன், 3,942 மணி வந்தது. விடைத்தாளில் 3,530 இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: விடைத்தாள் சரிதான். 788-ஐயும் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். அது எந்தப் பேட்ச்சுகளின் சராசரி என்று பார்க்காமல் விட்டதுதான் சறுக்கல். இந்தக் கணக்கில் பாதிப் பேர் சறுக்குவது இதே படியில்தான், அதனால் முதலில் அதையே நிதானமாகப் பார்ப்போம்.

செய்யச் செய்யக் கை பழகி நேரம் குறைவதைத்தான் கற்றல் வளைவு என்கிறோம். அதற்கு நீங்கள் பயன்படுத்திய சூத்திரம் இது:

```
y = a * x^b
b = log(0.85) / log(2) = -0.2345
```

இதில் a என்பது முதல் பேட்ச்சுக்கு ஆன 1,200 மணி. x என்பது முதல் நாளிலிருந்து இதுவரை முடித்த மொத்தப் பேட்ச்சுகள். y என்பது அத்தனை பேட்ச்சுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பேட்ச்சுக்கு வரும் சராசரி. வகுப்பில் க்யூமுலேட்டிவ் ஆவரேஜ் என்பார்கள், நான் குவிவுச் சராசரி என்று எழுதுகிறேன். x = 6 போட்டால் y = 788.4. முதல் பேட்ச்சில் தடுமாறிச் செலவழித்த அந்த 1,200 மணியும் இந்த 788-க்குள் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அதை 5-ஆல் பெருக்கும்போது, பழைய தடுமாற்றத்தின் ஒரு பங்கை புதிய 100 பேனல்களின் தலையில் ஏற்றிவிடுகிறீர்கள். அந்த 1,200 மணி ஏற்கெனவே செலவாகி முடிந்தது, புதிய ஆர்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே வழி இதுதான். குவிவுச் சராசரியைக் குவிவு எண்ணிக்கையால் மட்டுமே பெருக்க வேண்டும்: 788.4 × 6 = 4,730 மணி. இது 1-லிருந்து 120 வரையிலான எல்லாப் பேனல்களுக்குமான மொத்தம். அதிலிருந்து முதல் 20-க்கு ஆன 1,200-ஐக் கழித்தால் 3,530. அதை 100-ஆல் வகுத்தால் பேனலுக்கு 35.3 மணி. கேள்வியில் "அடுத்த", "மேற்கொண்டு", "கூடுதலாக" என்று ஏதாவது ஒரு சொல் இருந்தால், இரண்டு மொத்தங்களின் வித்தியாசம்தான் விடை. எத்தனை சுற்றி வளைத்துக் கேட்டாலும் சரி. உதாரணமாக, ஆறாவது பேட்ச்சுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டால் 6 பேட்ச்சின் மொத்தம் 4,730-லிருந்து 5 பேட்ச்சின் மொத்தம் 4,114-ஐக் கழிக்க வேண்டும். விடை 616 மணி, பேனலுக்கு 30.8. அதே இடத்தில் குவிவுச் சராசரி பேனலுக்கு 39.4 என்று காட்டிக்கொண்டிருக்கும். இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள்.

ஸ்பிரெட்ஷீட்டில் செய்வதென்றால் மூன்று வரி போதும். B1, B2, B3 என்று வரிசையாகப் போடுங்கள்:

```
=LOG(0.85)/LOG(2)
=1200*6^(1+B1)
=B2-1200
```

இரண்டாவது வரியில் அடுக்கு b இல்லை, 1+b என்பதைக் கவனியுங்கள். சராசரியை x-ஆல் பெருக்குவதும் அடுக்கில் ஒன்றைக் கூட்டுவதும் ஒன்றே. நான் சராசரி என்ற படியையே தவிர்த்துவிட்டு நேராக மொத்தத்துக்குப் போய்விடுவேன். சராசரி கண்ணில் படாவிட்டால் அதைத் தவறான எண்ணால் பெருக்கும் ஆசையும் வராது.

இனி 85% என்றால் உண்மையில் என்ன அர்த்தம் என்று ஒருமுறை கைக்கணக்காகப் பார்த்துவிடுங்கள், மற்றவை தானாகத் தெளியும். எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குவிவுச் சராசரி 85 சதவீதமாகக் குறையும். ஒரு பேட்ச்சில் 1,200. இரண்டு பேட்ச்சில் சராசரி 1,020, மொத்தம் 2,040. நான்கு பேட்ச்சில் சராசரி 867, மொத்தம் 3,468. இப்போது இரண்டாம் பேட்ச்சுக்கு மட்டும் ஆன நேரம் என்ன? 2,040-லிருந்து 1,200 போக 840. முதல் பேட்ச்சோடு ஒப்பிட்டால் இது 70 சதவீதம். 85 இல்லை!

எனக்கு இது முதலில் புரிந்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது. 85% வளைவு என்றால் இரண்டாம் பேட்ச்சிலேயே 30 சதவீத நேரம் மிச்சமாக வேண்டும் என்று அர்த்தம். சராசரியை 15 சதவீதம் இறக்க, புதிதாக வரும் பேட்ச் அதைப்போல இரண்டு மடங்கு இறங்கியாக வேண்டும், ஏனென்றால் பழைய பேட்ச்சின் நேரம் மாறப்போவதில்லை. 80% வளைவு என்றால் இரண்டாம் பேட்ச் 60 சதவீதம்தான் எடுக்கும். 50% வளைவு என்றால் இரண்டாம் பேட்ச்சுக்கு நேரமே ஆகாது. அதனால்தான் இந்த முறையில் விகிதம் 50-க்குக் கீழே போகவே முடியாது.

இதன் மறுபக்கம்தான் விகிதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வி. "முதல் பேட்ச் 1,200 மணி, இரண்டாம் பேட்ச் 840 மணி, விகிதம் என்ன?" என்று வந்தால் கை தானாக 840-ஐ 1,200-ஆல் வகுத்து 70% என்று எழுதிவிடும். அது தப்பு. இரண்டையும் கூட்டி, இரண்டால் வகுத்து, 1,020-ஐ 1,200-ஆல் வகுக்க வேண்டும். 70% என்று எழுதியவர் அதை வைத்து அடுத்த பேட்ச்சுகளைக் கணித்தால் நேரம் அதலபாதாளத்துக்குப் போகும். விடையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. நீங்கள் கண்டுபிடித்த விகிதத்தை வைத்து இரண்டாம் பேட்ச்சைத் திரும்பக் கணக்கிடுங்கள். 840 திரும்பி வர வேண்டும். 70%-ஐப் போட்டால் 480 வரும், உடனே தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் x எதை எண்ணுகிறது என்பது. பேட்ச்சையா, பேனலையா? இரண்டு விதமாகவும் செய்யலாம், ஆனால் a-வும் x-உம் ஒரே அலகில் இருந்தாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கொட்டேஷனுக்கு இந்தக் கணக்கைப் போட்டேன். முதல் பேட்ச்சின் சராசரியை ஒரு துண்டுக்கு இத்தனை மணி என்று எடுத்து a-வாக வைத்துக்கொண்டு, x-ஐத் துண்டுகளில் போட்டேன். உங்கள் எண்களில் சொன்னால் a = 60, x = 120. குவிவுச் சராசரி 19.5 மணி என்று வரும், மொத்தம் 2,343, அதிலிருந்து 1,200 போனால் 100 பேனலுக்கு வெறும் 1,143 மணி. பேனலுக்கு 11 மணி சொச்சம். அன்றைக்கு மேற்பார்வையாளர் தாளைப் பார்த்துவிட்டு, "இதைச் செய்யப் போவது யாரு, நீயா?" என்று கேட்டார். நல்லவேளை, தாள் வெளியே போகவில்லை.

அதில் என்ன தப்பு? 60 மணி என்பது முதல் பேனலுக்கு ஆன நேரம் இல்லை. 20 பேனல் செய்து முடித்த பிறகு கிடைத்த சராசரி. அந்த 20-க்குள்ளேயே நிறையக் கற்றல் நடந்து முடிந்துவிட்டது. அதை x = 1-இல் வைத்தால் அதே கற்றலை இரண்டாவது முறையும் எண்ணுகிறோம். பேனல் கணக்கில்தான் போக வேண்டும் என்றால் முதல் பேனலின் நேரத்தைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும்: 60-ஐ 20^b-ஆல் வகுத்தால் 121.1 மணி. இப்போது a = 121.1, x = 120 என்று போட்டுப் பாருங்கள். குவிவுச் சராசரி 39.4, மொத்தம் அதே 4,730. பேட்ச்சில் எண்ணினாலும் பேனலில் எண்ணினாலும் விடை மாறாது. குவிவுச் சராசரி முறைக்கு இந்த வசதி உண்டு.

அதனால் அடுத்த ஆர்டர் பேட்ச் அளவுக்குப் பொருந்தாமல் வந்தாலும் பயப்பட வேண்டாம். கூடுதல் 70 பேனல் என்றால் மொத்தம் 90, அதாவது 4.5 பேட்ச். x = 4.5 என்று அப்படியே போடலாம். மொத்தம் 3,795, கழித்தால் 2,595 மணி, பேனலுக்கு 37.1. சிலர் 4-க்கும் 5-க்கும் விடை கண்டுபிடித்து நடுவில் எடுக்கிறார்கள். தேவையே இல்லை, கால்குலேட்டர் பின்ன அடுக்கை மறுக்காது.

இந்த வளைவை 1936-இல் விமான உற்பத்திச் செலவைப் பற்றி எழுதிய கட்டுரையில் முன்வைத்தவர் டி. பி. ரைட். அவர் வரைந்தது குவிவுச் சராசரி வளைவுதான், பாடத்திட்டங்களில் பெரும்பாலும் வருவதும் இதுவே. பின்னால் கிராஃபோர்டு என்பவர் பெயரில் இன்னொரு முறை வந்தது. அதே சூத்திரம்தான், ஆனால் y என்பது சராசரி இல்லை, x-ஆவது அலகுக்கு மட்டும் ஆகும் நேரம். அங்கே மொத்தம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டுபிடித்துக் கூட்ட வேண்டும். உங்கள் கேள்வியைப் பேட்ச்சை ஓர் அலகாக வைத்து அந்த முறையில் போட்டால், இரண்டாம் பேட்ச் 840 இல்லை, 1,020 எடுக்கும். ஆறு பேட்ச்சையும் கூட்டினால் 5,626, கழித்தால் 4,426 மணி. பேனலுக்கு 44.3.

அதே 85%, ஆனால் 35.3-உம் 44.3-உம். இது சில்லறை வித்தியாசம் இல்லை. ஆகவே யாராவது "எங்கள் வேலைக்கு 85% வளைவு" என்று சொன்னால், அது சராசரியின் 85-ஆ, தனி அலகின் 85-ஆ என்று கேட்காமல் கணக்கில் இறங்காதீர்கள். கேள்வித்தாளில் "குவிவு" என்ற சொல் இருந்தால் ரைட் முறை. உங்கள் விடைத்தாளின் 3,530-உம் அந்த முறைதான். தொழிற்சாலையின் உண்மை எண்கள் கையில் இருந்தால் மூன்றாம் பேட்ச் வரை காத்திருப்பது நல்லது. 1,200, 840 என்ற முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் ரைட் முறையில் 85% என்றும் சொல்லலாம், கிராஃபோர்டு முறையில் 70% என்றும் சொல்லலாம், இரண்டுமே பொருந்தும். மூன்றாம் பேட்ச்சில்தான் வழி பிரியும். ரைட் முறை 742 மணி என்கும், கிராஃபோர்டு முறை 682 என்கும்.

இப்போது செலவுக்கு வருவோம். மணி தெரிந்த பிறகு இது சுலபம் என்று தோன்றும், ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. கற்றல் குறைப்பது உழைப்பு நேரத்தை. அதனால் நேரத்தோடு கட்டப்பட்ட செலவுகள் மட்டுமே குறையும். கூலியும் மாறும் மேற்செலவும் மணிக்கு 400, அதை 3,530-ஆல் பெருக்கினால் 14,12,000. மூலப்பொருள் 100 பேனலுக்கு 9,00,000, அதில் கற்றல் எதுவும் செய்யப்போவதில்லை. செம்புக் கம்பி ஆளின் கைப்பழக்கத்தைப் பார்த்து விலை குறையாது. மொத்தம் 23,12,000, பேனலுக்கு 23,120.

நேரத்துக்குப் போட வேண்டிய விகிதத்தைச் சிலர் நேராகச் செலவின் மேல் போட்டுவிடுவார்கள். முதல் பேட்ச்சில் ஒரு பேனலின் மாறும் செலவு 33,000 (9,000-உம் 60 மணிக்கு 24,000-உம்). இந்த 33,000-ஐ a-வாக எடுத்து முழுவதையும் 85% வளைவில் இறக்கினால், கழித்தல் எல்லாம் சரியாகச் செய்தும், பேனலுக்கு 19,416 என்று வரும். உண்மைக்கும் இதற்கும் பேனலுக்குச் சுமார் 3,700 வித்தியாசம், ஆர்டர் முழுக்க 3,70,000-க்கு மேல். மூலப்பொருளின் பங்கு பெரிதாக ஆக இந்தப் பிழையும் பெரிதாகும். மூலப்பொருளில் சேதாரம் அதிகமாக இருந்து, கை பழகப் பழக அது குறைகிறது என்றால், அதைத் தனி வரியில், தனி விகிதத்தில் காட்டுங்கள். உழைப்பு வளைவோடு கலக்க வேண்டாம்.

நிலையான மேற்செலவு மணிக்கு 150 என்று கொடுத்திருக்கிறார்கள். இதை என்ன செய்வது என்பது கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. முழு உற்பத்திச் செலவு வேண்டும் என்று கேட்டால் 3,530 × 150 = 5,29,500-ஐச் சேர்க்க வேண்டியதுதான், பேனலுக்கு 28,415 ஆகும். இந்த ஆர்டரை எடுக்கலாமா, குறைந்தபட்ச விலை என்ன என்று கேட்டால் விட்டுவிடுங்கள். கட்டிட வாடகை ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். சேர்க்கும்போதும் ஒன்றை மனதில் வையுங்கள். தாளில் பார்த்தால் பேனலுக்கு 9,000 இருந்த நிலையான மேற்செலவு 5,295-ஆக இறங்கியது போலத் தெரியும். அது சேமிப்பு இல்லை. மிச்சமான மணிகளை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் ஒழிய, அந்த வாடகை வேறு எந்தப் பொருளின் மேலும் ஏறாமல் அந்தரத்தில் நிற்கும், ஆண்டு முடிவில் நட்டமாக வந்து சேரும்.

35.3 மணி என்பதும் ஒரு சராசரிதானே? அதற்குள்ளும் ஏற்ற இறக்கம் இருக்கிறது. இந்த 100 பேனல்களில் முதல் 20-க்கு ஒவ்வொன்றுக்கும் 42 மணி ஆகும், கடைசி 20-க்கு 30.8. முழு ஆர்டரும் முடிந்தால்தான் 35.3 வாய்க்கும். வாடிக்கையாளர் 40 பேனலை வாங்கிக்கொண்டு, மீதி வேண்டாம் என்று நிறுத்திவிட்டால்? மூன்று பேட்ச்சின் மொத்தம் 2,782, அதில் 1,200 போக 1,582 மணி செலவாகியிருக்கும். விலையில் நீங்கள் மீட்டது 40 × 35.3 = 1,412 மணிக்கான பணம். 170 மணி கையை விட்டுப் போயிற்று, மணிக்கு 400 என்றால் 68,000. இதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் கொட்டேஷனில் எண்ணிக்கை குறைந்தால் விலை மாறும் என்று ஒரு வரி சேர்க்கிறார்கள், அல்லது தொடக்கப் பேட்ச்சுகளுக்குத் தனி விலை கேட்கிறார்கள். தேர்வில் இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் பணம் போவது பெரும்பாலும் இந்த ஓட்டையில்தான்.

கணித்த வளைவில் வேலை போகிறதா என்று பார்க்க இரண்டாம் பேட்ச்சே போதுமான எச்சரிக்கை தரும். 840-க்குப் பதில் 900 மணி ஆனது என்று வைத்துக்கொள்வோம். "60 மணிதானே அதிகம், அடுத்ததில் பிடித்துவிடலாம்" என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. இரண்டு பேட்ச்சின் மொத்தம் 2,100, சராசரி 1,050, விகிதம் 87.5%. இந்த விகிதத்தில் ஆறு பேட்ச்சின் மொத்தம் 5,098 ஆகிவிடும். இன்னும் செய்ய வேண்டிய 80 பேனலுக்கு 2,690 மணி என்று போட்ட திட்டம் 2,998-ஆக ஏறுகிறது. கண்ணில் பட்டது 60 மணி, வரப்போவது இன்னும் 308. ஆனால் ஒரு பேட்ச்சை மட்டும் வைத்து விகிதத்தை மாற்றுவதற்கு முன், அந்த 900-க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதியில் ஆள் மாறினார்களா, பொருள் வராமல் வேலை நின்றதா, வரைபடம் திருத்தப்பட்டதா? காத்திருந்த நேரத்தை உழைப்பு மணியில் எழுதும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அதைப் பிரித்த பிறகும் 900 நின்றால், 87.5-தான் உங்கள் விகிதம். அதேபோல இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் சில மாதம் இடைவெளி விழுந்தால் கற்றதில் ஒரு பகுதி மறந்துபோகும். வளைவு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடைசியாக, இந்த வளைவு எதுவரை போகும்? சூத்திரத்துக்கு நிற்கத் தெரியாது, ஆனால் மனிதக் கைக்கு ஒரு வேகம்தான். கேள்விகளில் "80-ஆவது அலகுக்குப் பின் நேரம் மாறாது" என்று ஒரு வரி வரும். அங்கே மாணவர்கள் 80-இன் குவிவுச் சராசரியை, அதாவது 43.35 மணியை, மீதி பேனல்களுக்குப் போட்டுவிடுகிறார்கள். அது திரும்பவும் நீங்கள் செய்த அதே பிழை, வேறு வேடத்தில். நிலைத்து நிற்பது 80-ஆவது பேனலுக்கு மட்டும் ஆன நேரம். அதற்கு 80-இன் மொத்தத்திலிருந்து 79-இன் மொத்தத்தைக் கழிக்க வேண்டும்: 3,468.0-லிருந்து 3,434.8 போக 33.2 மணி.

இந்த இடத்தில் மட்டும் தசமத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கிறோம், சின்ன முழுமையாக்கலும் அப்படியே விடையில் வந்து விழும். 80-க்கும் 79-க்கும் சராசரியை ஒரு தசமத்தோடு நிறுத்தி 43.4, 43.5 என்று எடுத்தீர்கள் என்றால், மொத்தங்கள் 3,472-உம் 3,436.5-உம் ஆகி, வித்தியாசம் 35.5 என்று வரும். ஒரு பேனலுக்கு இரண்டு மணிக்கு மேல் பிழை. b-ஐக் குறைந்தது நான்கு தசமத்துக்கும், மொத்தங்களைக் கால்குலேட்டர் தரும் முழு நீளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 100 பேனலில் இந்த நிறுத்தம் பெரிதாக ஒன்றும் செய்யாது. 21-லிருந்து 80 வரை 2,268 மணி, மீதி 40 பேனலுக்கு 33.2 வீதம் 1,329, மொத்தம் 3,597. நிற்காத வளைவின் 3,530-ஐவிட 67 மணிதான் கூடுதல். ஆனால் அதே வாடிக்கையாளர் அடுத்து 500 பேனல் கேட்டால் கதை மாறிவிடும். வளைவை அதன் போக்கில் ஓடவிட்டால் அந்த 500-க்கு 11,899 மணி, பேனலுக்கு 23.8 என்று காட்டும். 80-இல் நின்றுவிட்ட கைக்கு 33.2 வீதம் 16,600 மணிக்கு மேல் ஆகும்.